'சொல்லியிருக்கேன்' என்றால் போதாது

விடுதியில் என்னோடு தங்கிப் படித்த நண்பன் ஒருவனை, நான் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலைக்கு அண்மையில் பரிந்துரைத்தேன். "உனக்காகச் சொல்லியிருக்கேன்டா" என்று போனை வைத்திருக்கலாம். ஆனால் நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு 'வேலை உறுதி' என்றுதான் பொருள். அதை நம்பி மற்ற இடங்களுக்கு விண்ணப்பிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். கிடைக்காதபோது, சொன்னவர் முகத்தில் விழிக்கவே கூசுகிறார்கள்.

அதனால் நடந்ததை அப்படியே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன்:

"மச்சி, நீ சரின்னு சொன்ன பிறகு உன் ரெஸ்யூமை எங்க கம்பெனி தளத்துல ஏத்திட்டேன். உன் ஜிமெயிலுக்கு ஒரு லிங்க் வரும். ஸ்பேம்லயும் பாரு. அந்த லிங்க் வழியா, அதே மெயில் ஐடியில நீயே விண்ணப்பிக்கணும். அப்பதான் என் பரிந்துரை கணக்குல வரும். ஆள் எடுக்கறது நான் இல்ல. மத்த இடத்துல போடறத நிறுத்தாதே."

'நீ சரின்னு சொன்ன பிறகு' என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. கன்சல்டன்சி வழியாக ஒருவரின் ரெஸ்யூம் ஏற்கெனவே உள்ளே போயிருந்தால், சில மாதங்களுக்கு வேறு வழியில் வரும் பரிந்துரையைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. அதனால் முதலில் அவனிடம் அதைக் கேட்டுக்கொண்டேன்.

லிங்க் ஸ்பேமில்தான் கிடந்தது. விண்ணப்பித்த பிறகு என்ன நடக்கும் என்பதையும் சொன்னேன். ஹெச்.ஆரிலிருந்து அழைத்தால் இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், நோட்டீஸ் பீரியட் மூன்றையும் கேட்பார்கள். பதிலை யோசித்து வைத்துக்கொள். இரண்டு வாரம் ஒரு சத்தமும் இல்லையென்றால் என்னிடம் கேள். ரெஸ்யூம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும், காரணம் தெரியாது. 'ஆஃபர் தயார், டெபாசிட் கட்டுங்கள்' என்று யாராவது அழைத்தால் அது மோசடி.

இன்னொன்றையும் மறைக்கவில்லை. அவன் சேர்ந்து, குறிப்பிட்ட மாதங்கள் வேலையில் இருந்தால் நிறுவனம் எனக்கு ஒரு தொகை தரும். இதைச் சொன்னதும், "அப்போ நான் உனக்குக் கடன்பட்டவன் இல்லையாடா?" என்று சிரித்தான். இல்லை. பரிந்துரை கருணை அல்ல, அலுவலக நடைமுறை.

அந்த நடைமுறை தெரிந்தவர் வழியாகவே ஓடுகிறது என்பதுதான் சிக்கல். சித்தப்பாவோ மாமாவோ ஏற்கெனவே உள்ளே இருக்கும் குடும்பங்களில் இதெல்லாம் வீட்டிலேயே தெரிந்துவிடும். குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. உள்ளே போன நாம் பெயரைப் பதிவதோடு நிறுத்தினால் பாதி வேலைதான் செய்திருக்கிறோம்.

பத்து நாள் கழித்து ஹெச்.ஆர். அழைத்தபோது, அவன் மூன்று பதில்களையும் தாளில் எழுதி வைத்திருந்தான். இப்போது இரண்டாவது சுற்று முடிந்திருக்கிறது. முடிவு எனக்கும் தெரியாது. அதையும் அவனிடம் சொல்லிவிட்டேன்.