ஒரு பூச்சியத்தின் விலை

தங்கத்தின் விலை கேட்கப்போனால், அது கிராமுக்கா பவுணுக்கா என்பதைத்தான் நம் உம்மாமார் முதலில் கேட்பார்கள். ஒரு பவுண் 8 கிராம். அலகு மாறினால் கணக்கு எட்டு மடங்கு பிழைக்கும். ஈரானிய விலைகளில் அந்தப் பிழை பத்து மடங்காகும்.

ஈரானின் சட்டபூர்வமான நாணயம் ரியால். மக்கள் பேசுவதோ தோமானில். ஒரு தோமான் 10 ரியால். ரியால் வருவதற்கு முன்பு பத்துக் கிரானைத் தோமான் என்றார்கள். நாணயம் மாறியும் பெயர் நாவிலேயே தங்கிவிட்டது. கடைக்காரர் சொல்வதும் எழுதி வைப்பதும் பெரும்பாலும் தோமான். நாணயத்தாளிலும் வங்கிச் சீட்டிலும் இருப்பது ரியால்.

கொழும்பில் தேயிலை ஏற்றுமதியோடு தொடர்புள்ள என் மாமா, ஈரானிலிருந்து வரும் விலைக்குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்வார். ஒவ்வொரு முறையும் அவர் கேட்பது, "மகள், இது ரியாலா, தோமானா?" என்றுதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். அரைக் கிலோ தேயிலைக்குக் கடைக்காரர் 450,000 என்று மட்டும் எழுதியிருக்கிறார். ஒரு டொலர் பத்து இலட்சம் ரியால் என்றும், நம் நாட்டில் 300 ரூபா என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இதை ரியால் என்று எடுத்தால் விலை 45 சதம் டொலர், அதாவது 135 ரூபா. கொழும்பு ஏலத்திலேயே ஒரு கிலோவின் சராசரி விலை அண்மைய ஆண்டுகளில் ஆயிரம் ரூபாவைத் தாண்டியிருக்கிறது. கடல் கடந்துபோன தேயிலை அங்கே அதைவிட மலிவாக விற்குமா? ஆகவே அது தோமான். 4,500,000 ரியால், நாலரை டொலர், 1,350 ரூபா. இப்போது கணக்குப் பொருந்துகிறது.

பேச்சில் இன்னொரு பொறியும் உண்டு. "ஐம்பது தோமான்" என்று ஒருவர் சொன்னால், பல வேளைகளில் அது ஐம்பதாயிரம் தோமான். "ஆயிரம்" என்ற சொல்லை விழுங்கிவிடுவார்கள். பொருளைப் பார்த்துத்தான் அதை அறியவேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதும்போது நான் மூலத்திலுள்ள எண்ணையும் அலகையும் அப்படியே வைப்பேன். தோமான் வெளிநாட்டவருக்குப் புரியாதென்று பெயரை மட்டும் ரியால் என்று மாற்றினால், ஒரு பூச்சியம் காணாமற் போய்விடும். அதனால் "450,000 தோமான், அதாவது 4,500,000 ரியால்" என்று இரண்டையும் எழுதுவேன். மூலத்தில் அலகே இல்லையென்றால், தோமான் என்று கொண்டதையும் அதற்கான காரணத்தையும் அடியில் குறிப்பேன். வங்கிச் சீட்டும் கூட வந்திருந்தால் இரண்டு தொகையையும் ஒப்பிடுவேன். சீட்டிலுள்ள எண் சரியாகப் பத்து மடங்காக இருந்தால், கடைக்காரர் எழுதியது தோமான்தான். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் அவர் ரியாலிலேயே எழுதியிருக்கிறார்.