மிச்சம் வந்த பத்து மூடை

வீடு கட்டி முடிச்ச பிறகு மிச்சம் கிடக்கிற சாமானை என்ன செய்யணும்னு நம்ம சிவில் சிலபஸ்ல எந்த யூனிட்லயும் கிடையாது. எஸ்டிமேஷன் பேப்பர்ல ஒரு வீட்டுக்கு எத்தனை மூடை சிமென்ட், எத்தனை கன அடி மணல், எத்தனை கிலோ கம்பின்னு கணக்குப் போடுவோம். வேஸ்டேஜுக்கு ஒரு சதவீதம் சேர்ப்போம். அதோட கதை முடிஞ்சுது. ஆனா நிஜத்தில் எந்த வீடும் எஸ்டிமேட்டில் சொன்ன மாதிரி கச்சிதமா முடியாது. கொஞ்சம் மிஞ்சும். அந்த வீடு ரெண்டு பேருக்குச் சொந்தம்னா, மிஞ்சினதுதான் கடைசிப் பரீட்சை.

எங்க வீடு நெய்யூரில். தக்கலைக்கும் திங்கள்சந்தைக்கும் நடுவில், தாத்தா விட்டுட்டுப் போன தென்னந்தோப்பில் அப்பாவும் சித்தப்பாவும் பாதிப்பாதி செலவு போட்டுக் கட்டினாங்க. கீழ் வீடு எங்களுக்கு, மாடி சித்தப்பாவுக்கு. மாடிப்படி வீட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்கிற ஒரு விஷயத்துக்காக ரெண்டு பேரும் மூணு வாரம் பேசாம இருந்தாங்க. இடையில் செய்தி கொண்டு போனது நானும் கொத்தனாரும்தான். கடைசியில் படி வெளியே போச்சு, பேச்சு திரும்பி வந்துச்சு. ஆனா பழைய மாதிரி இல்லை. பால் காய்ச்சி முடிச்ச மறுவாரம், பின்பக்கம் ஷெட்டில் கிடந்த மிச்சத்தைப் பிரிக்கணும்னு சித்தப்பா சொன்னப்போ வீட்டில் எல்லாருக்கும் லேசா பயம்.

கிடந்தது இவ்வளவுதான். 12 மூடை சிமென்ட். ஒரு குவியல் எம்-சாண்ட். 12 மில்லிமீட்டர் கம்பி முழு நீளத்தில் 3, 8 மில்லிமீட்டர் கம்பி முழு நீளத்தில் 5, அப்புறம் தூண் வேலையில் வெட்டி விழுந்த 16 மில்லிமீட்டர் துண்டுகள் ஒன்பது.

"எதுக்கு கணக்கு? எல்லாத்திலயும் பாதி, அவ்வளவுதானே" என்றார் சித்தப்பா. கேட்கிறதுக்கு இதைவிட நியாயமா ஒண்ணும் இல்லை. கொத்தனார் மட்டும் சிரிச்சார். "பாதி எடுக்கலாம் தம்பி. ஆனா எதுல பாதின்னு மொதல்ல பாக்கணும், கேட்டியளா" என்றார்.

முதலில் சிமென்ட். மூடையில் எந்த வாரம், எந்த மாசம், எந்த வருஷம் பேக் பண்ணினதுன்னு அச்சடிச்சிருக்கும். யாரும் படிக்கிறதில்லை. படிச்சுப் பார்த்தா 6 மூடை அந்த மாசத்துச் சரக்கு. மத்த 6 மூடை மாடிக் காங்கிரீட்டுக்காக வாங்கினது, நாலு மாசப் பழசு. சிமென்ட் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா வேலையை முடிச்சுக்கும். மூணு மாசத்தில் ஏறக்குறைய அஞ்சில் ஒரு பங்கு பலம் போகும், ஆறு மாசத்தில் முப்பது சதவீதம் வரைக்கும் போகும்னு பாடப்புத்தகத்தில் ஒரு பொதுக்கணக்கு உண்டு. எங்க மாவட்டத்துக்கு ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ரெண்டு மழையையும் பார்த்த மூடையைப் புது மூடையோட சேர்த்து எண்ணினா அது எண்ணிக்கைதான், பங்கு இல்லை.

பழைய ஆறையும் பிரிச்சுப் பார்த்தோம். மேலே இருந்த நாலும் அமுக்கினா கல்லு மாதிரி இருந்துச்சு. சித்தப்பா "போச்சு" என்றார். கொத்தனார் ஒரு மூடையைத் தரையில் ரெண்டு தடவை உருட்டினார், இளகிடுச்சு. மேல அடுக்கின பாரத்தில் இறுகினது அது, கெட்டுப்போனது இல்லை. கையை உள்ளே விட்டா குளுகுளுன்னு இருந்துச்சு, விரலில் தேய்ச்சா நைசா இருந்துச்சு, ஒன்றிரண்டு கட்டி கிடந்தாலும் விரல் நடுவில் பொடிஞ்சுது. அடியில் தரையோடயும் சுவரோடயும் ஒட்டிக் கிடந்த ரெண்டு மூடை மட்டும் எவ்வளவு உருட்டியும் இளகலை. உடைச்சா உள்ளே கூழாங்கல் மாதிரி கட்டி. பலகை போட்டு, சுவரை விட்டு ஓர் அடி தள்ளி ஏன் அடுக்கச் சொல்றாங்கன்னு அந்த ரெண்டு மூடையைப் பார்த்தா புரியும். அது ரெண்டும் குழி நிரப்பப் போச்சு. ஆக, மிச்சம் 10 மூடை. பழைய நாலும் சுவர் கட்ட, பூச ஆகும்; தூணுக்கும் தளத்துக்கும் ஆகாதுன்னு கொத்தனார் கறாராச் சொல்லிட்டார்.

அடுத்தது மணல். குவியலைப் பரத்தி 10 அடி நீளம், 5 அடி அகலம், ஓர் அடி உயரம்னு சமமாக்கினோம். 50 கன அடி. சட்டியில் அள்ளி உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு போட்டா முடிஞ்சுதுன்னு தோணும். ஆனா லேசா ஈரமான மணலில் ஒவ்வொரு துகளைச் சுத்தியும் தண்ணி ஒரு படலமா நின்னு, பக்கத்துத் துகளைத் தள்ளி நிறுத்தும். மணல் உப்பும். நல்லா முக்கி நனைச்சா அந்தப் படலம் போயிடும், மணல் மறுபடி அமுங்கிடும். பார்க்கிறது சுலபம். ஒரு கண்ணாடி ஜாரில் ஈர மணலை 20 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போட்டேன். மணலை வெளியே எடுத்து, ஜாரில் பாதி தண்ணி ஊத்தி, அதே மணலைத் திரும்பப் போட்டுக் கம்பியால் குத்தினேன். 16 சென்டிமீட்டரில் நின்னுச்சு. அதாவது நாலு சட்டி மணல் அஞ்சு சட்டியா வேஷம் போட்டிருக்கு. 50 கன அடின்னு தெரிஞ்சது உண்மையில் 40.

இதில் தகராறு எங்கே வரும்னா, தார்ப்பாய் மூடின பக்கம் காய்ஞ்சும் மூடாத பக்கம் ஈரமாவும் இருந்தா, சட்டி எண்ணிப் பிரிக்கிறவங்களில் ஒருத்தருக்குக் குறையும். யாரும் ஏமாத்தியிருக்க மாட்டாங்க. ஆனா ஒரு மாசம் கழிச்சு "எனக்கு மட்டும் எப்படி பத்தாம போச்சு"ன்னு ஒரு கேள்வி மனசில் முளைக்கும்.

கம்பிக்கு எடை பார்க்கத் தராசு வேண்டாம். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தா ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். முழுக்கம்பி ஒண்ணு 12 மீட்டர். 12 மில்லிமீட்டர் கம்பி மூணும் 32 கிலோ, 8 மில்லிமீட்டர் அஞ்சும் 24 கிலோ, துண்டுகள் 16 கிலோ. எடையைப் பாதியாக்கலாம். கம்பியைப் பாதியாக்கினா என்ன ஆகும்? மூணு கம்பியை ரெண்டு பேர் பிரிக்க நடுவில் ஒண்ணை வெட்டணும். பிறகு யாருக்காவது நீளமா வேணும்னா அந்தத் துண்டோட இன்னொண்ணை மேல்சேர்த்துக் கட்டணும். தளத்தில் வழக்கமா விட்டத்தைப்போல 50 மடங்கு சேர்ப்பு விடுவாங்க, 12 மில்லிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர். ஒவ்வொரு வெட்டும் பின்னால் இரண்டு அடிக் கம்பியைத் தின்னும்.

இங்கேதான் அப்பா முதல் முறையா வாயைத் திறந்தார். "லே, உனக்கு இப்ப என்ன வேலை இருக்கு?" என்றார். மாடியில் தண்ணி டேங்குக்கு மேடை கட்டணும், ஆனா சித்திரையில்தான்னு சித்தப்பா சொன்னார். நாலு குட்டைத் தூண், தூணுக்கு நாலு கம்பி, ஒண்ணு 2 மீட்டர். மொத்தம் 16 துண்டு. மூணு முழுக்கம்பியில் 18 வரும். அதில் பாதிதான் கிடைச்சா 9, ஒண்ணுக்கும் உதவாது. அப்பாவுக்குப் பின்பக்கக் காம்பவுண்ட் சுவர் உடனே கட்டணும். அதுக்குச் சிமென்டும் மணலும் வேணும், கம்பி வேண்டாம்.

பாதிப்பாதி பிரிச்சிருந்தா அப்பாவுக்கு வேண்டாத கம்பியும், சித்தப்பாவுக்குச் சித்திரைக்குள்ள கெட்டுப்போற அஞ்சு மூடையும் கிடைச்சிருக்கும். ரெண்டு பேருக்கும் சரிபாதி, ரெண்டு பேருக்கும் நஷ்டம். கம்பி காத்திருக்கும், மேலே லேசா துரு பிடிச்சாலும் பிரஷ் போட்டா போயிடும். சிமென்ட் காத்திருக்காது. பங்கு பிரிக்கிறதைக் கணிதமா ஆராய்ஞ்சு போலந்து நாட்டு ஹ்யூகோ ஸ்டைன்ஹாஸ் 1948-ல் எகனோமெட்ரிகா இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே பொருளை ரெண்டு பேர் ரெண்டு விதமா மதிக்கிறாங்க என்பதுதான் அந்தத் துறைக்கே அடிப்படை. கேக் வெட்டுறதை வைத்து அதைச் சொல்லித் தருவாங்க. எனக்கு அது சிமென்ட் மூடையில் புரிஞ்சுது.

ஆக, சிமென்டும் மணலும் அப்பாவுக்கு, கம்பி முழுசும் சித்தப்பாவுக்கு. மதிப்பை எங்க பழைய பில்லை வைத்துப் போட்டோம். புது சிமென்ட் மூடைக்கு 380 ரூபாய், பழசுக்குக் கால்வாசி குறைச்சு 285. மணல் கன அடிக்கு 65, நிஜ அளவான 40-க்கு மட்டும். கம்பி கிலோ 68, துண்டுக்கு அதில் பாதி. அப்பா பக்கம் 6,020 ரூபாய். சித்தப்பா பக்கம் 4,352. வித்தியாசத்தில் பாதி, 834 ரூபாயை அப்பா தரணும்.

சித்தப்பா முகம் மாறிடுச்சு. "அண்ணன் தம்பிக்குள்ள எண்ணூறு ரூபாய்க்கு என்னண்ணே கணக்கு? வேண்டாம்" என்றார். அப்பா விடலை. "இன்னிக்கு வேண்டாம்னுதான் தோணும். நாளைக்கு வேற ஒரு சண்டை வரும்லா, அன்னிக்கு இது ஞாபகம் வரும். மாடிப்படியை நான் இன்னும் மறக்கல்ல, நீயும் மறக்கல்ல" என்றார். மாடிப்படியைப் பற்றி ரெண்டு பேரும் நேருக்கு நேர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சித்தப்பா தரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யாரும் ஒண்ணும் சொல்லலை.

அப்புறம் சித்தப்பாதான் சொன்னார். "செரி, ரூபா வேண்டாம். ரெண்டு மூடை சிமென்ட் குடு."

"இப்ப எடுத்தா சித்திரைக்குக் கல்லாப் போகுமே" என்றார் அப்பா.

"இப்ப ஆரு கேட்டா? சித்திரையில் புதுசா வாங்கிக் குடு."

கொத்தனார் "கொள்ளாம்" என்றார். கையில் இருக்கிற சிமென்ட்தான் பழசாகும். தரவேண்டிய சிமென்ட் பழசாகாது. ரெண்டு மூடை 760 ரூபாய். மீதி 74 ரூபாயை என்ன செய்றதுன்னு அப்பா கேட்டார். சித்தப்பா பைக்கை எடுத்தார், அப்பா பின்னால் ஏறினார், திங்கள்சந்தைக்குப் போய் எல்லாருக்கும் பழம்பொரி வாங்கிட்டு வந்தாங்க. 74 ரூபாய்க்கு மேலேயே ஆகியிருக்கும். அந்தக் கணக்கை மட்டும் யாரும் கேட்கலை.

காம்பவுண்ட் சுவர் அடுத்த ரெண்டு வாரத்தில் எழுந்துச்சு. பழைய நாலு மூடையைத்தான் முதலில் பிரிச்சாங்க. கம்பியைச் சித்தப்பா செங்கல் மேல் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கார். எங்க வீட்டு காலண்டரில் சித்திரை முதல் தேதிக்குப் பக்கத்தில் அப்பா கையெழுத்தில் "தம்பி – 2 மூடை" என்று இருக்கு. எங்க செமஸ்டர் பரீட்சையும் அந்த வாரம்தான். ஆனாலும் அந்த மேடைக் காங்கிரீட் போடுற அன்னிக்கு லீவு போட்டாவது ஊருக்குப் போயிடுவேன்.