வெயில் மஞ்சளைப் போக்கும், மையைப் போக்காது

 

கிளிவெட்டிப் பக்கத்து அம்மாமார், உம்மாமார் எல்லோருக்குமான பதிவு இது. கொஞ்சம் நீளம். பிள்ளையின் வெள்ளைச் சேட்டில் பேனை மை பட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்களுக்கு இது பயன்படும்.

தரம் 6 படிக்கும் எங்கள் பிள்ளை ஒருவன் இரண்டு நாளாக வரவில்லை. காய்ச்சலாக்கும் என்று இருந்துவிட்டோம். மூன்றாம் நாள் தாய் தனியே வந்தார். கையில் ஒரு ஷொப்பிங் பை, அதற்குள் சேட். இடது பக்கப் பொக்கெட்டில் தொடங்கி நெஞ்சுப் பக்கம் வரை உள்ளங்கை அளவுக்கு நீலம் பரவியிருந்தது.

"மற்றச் சேட் தோளில கிழிஞ்சிருக்கு ரீச்சர். இதோட வந்தா பேசுவீங்க எண்டு பயத்துல வரமாட்டேன் எண்டுட்டான்."

அதற்கு முந்திய வாரம்தான் காலைக் கூட்டத்தில் சீருடைச் சுத்தம் பற்றி நாங்கள் கொஞ்சம் கடுமையாகப் பேசியிருந்தோம். யாரையும் பெயர் சொல்லிப் பேசவில்லை. ஆனால் ஒரு சேட்டை வைத்துக்கொண்டு வாரம் ஓட்டும் பிள்ளைக்கு அது தன்னைச் சொன்ன மாதிரித்தான் கேட்டிருக்கும். சீருடைத் துணி 1993இலிருந்து அரசாங்கத்தால் இலவசமாகக் கிடைக்கிறது, உண்மைதான். துணி கிடைத்தாலும் தையற்கூலி வீட்டுக் கணக்கு. அடுத்த துணி வரும்வரை இருப்பதைக் காப்பாற்றித்தான் ஆகவேண்டும்.

என்ன செய்தீர்கள் என்று அந்தத் தாயிடம் கேட்டோம். பொக்கெட்டுக்குள் போல்பொயின்ட் பேனை கசிந்திருக்கிறது. பிள்ளை வீட்டுக்கு வந்தபோது ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக் கறைதான். அவர் உடனே பேசினில் தண்ணீரும் சவர்க்காரத் தூளும் போட்டு ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார். கறை விரிந்தது. பிறகு நடுப்பகல் வெயிலில் கொடியில் போட்டிருக்கிறார். மாலையில் பார்த்தால் அப்படியே இருக்கிறது. கடைசியாக, சூடு பட்டால் மங்கும் என்று நினைத்து அயன் பண்ணியிருக்கிறார்.

"மஞ்சள் கறை வெயிலில போகுதுதானே ரீச்சர். இதும் போகும் எண்டு நினைச்சன்."

அவர் சொன்னதில் பாதி முழு உண்மை. கறிக் கறையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சிவப்பாகும், வெயிலில் போட்டால் கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். மஞ்சளின் நிறப்பொருள் வெளிச்சத்தில் சிதைந்துபோகிற வகை. அதனால் வெள்ளை உடுப்பில் சாம்பார், ஆணம் பட்டால் வெயில்தான் முதல் மருந்து. அந்த அனுபவத்தை மைக்கும் பொருத்திப் பார்ப்பது இயல்பு. நாங்களும் முன்பு அப்படித்தான் செய்தோம்.

போல்பொயின்ட் மை வேறு சாதி. அது தண்ணீர் மை அல்ல, எண்ணெய்ப் பசை போன்றது. நிறம், அதைக் கரைத்து வைத்திருக்கும் ஒரு கனத்த திரவம், தாளில் பிடித்துக்கொள்வதற்கான பிசின் மூன்றும் அதில் உண்டு. ஈரமாக இருக்கும்வரை நிறம் இளகிய நிலையில் இருக்கும், வெளியே எடுக்கலாம். சூடு படும்போது அந்தத் திரவம் பறந்துபோய், பிசினும் நிறமும் நூலோடு காய்ந்து ஒட்டிவிடும். மையில் உள்ள சில நிறங்கள் பல நாள் வெயிலில் மங்கத்தான் செய்யும். ஆனால் நீல மைகளில் சேர்க்கும் சில நிறங்கள் வெயிலுக்கு அசையாதவை. முதலாவது மங்கி, இரண்டாவது தங்கி, கடைசியில் சாம்பல் நீலமாக ஒரு தழும்பு நிற்கும்.

வெயிலைவிட அயன் மோசம். பருத்திக்கு வைக்கும் சூடு 200 பாகை வரை போகும். எங்கள் பிள்ளைகளின் சேட் பலதில் பொலியெஸ்டர் கலந்திருக்கிறது. அந்த நூல் சூட்டில் இளகும்போது நிறம் உள்ளே இறங்கி, ஆறும்போது அங்கேயே மாட்டிக்கொள்ளும். கட்டார், டுபாயில் இருக்கும் நம்மவர்கள் வீட்டு டிரையரும் இதே வேலையைத்தான் செய்யும். மெஷினில் கழுவி, பார்க்காமலே டிரையருக்குள் தள்ளுவதுதான் அங்கே நடக்கும் பிழை.

அப்படியானால் எதில் கரையும்? இதற்கு ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. ஆசிரியர் கலாசாலையில் மை நிறங்களைப் பிரித்துக்காட்டச் செய்த பரிசோதனைதான், வீட்டுக்கும் உதவுகிறது. கசிந்த பேனையாலேயே ஒரு ரிஷூத் தாளில் இரண்டு கோடு போடுங்கள். ஒன்றில் ஒரு சொட்டுத் தண்ணீர், மற்றதில் ஒரு சொட்டு சேர்ஜிக்கல் ஸ்பிரிட். ஸ்பிரிட்டில் மட்டும் கோடு பரவினால் அது போல்பொயின்ட் மை, ஸ்பிரிட்டால்தான் எடுக்கவேண்டும். தண்ணீரிலேயே ஓடினால் பயப்படவே வேண்டாம், குளிர்ந்த தண்ணீரும் சவர்க்காரமும் போதும். இரண்டிலும் அசையாமல் நின்றால் அது பெரும்பாலும் தூள் நிறம் போட்ட ஜெல் பேனை. அதைச் சவர்க்காரம் போட்டுக் கசக்கிக் குறைக்கலாம், முழுதாகப் போகும் என்று வாக்குத் தர முடியாது. துணியில் கைவைக்க முன் இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்தால் பாதி வேலை முடிந்தது.

ஸ்பிரிட் என்றதும் சில வீடுகளில் யோசிப்பார்கள். ஊசி போட முன் தோலில் தடவுவார்களே, பாமசியில் விற்கும் அதுதான். கொரோனாக் காலத்துச் சனிட்டைசர் போத்தல் மிச்சமிருந்தாலும் சரி, தண்ணீர் போன்ற நிறமில்லாத வகையாக இருக்கட்டும். இரண்டுமே தீப்பிடிக்கும். அடுப்படியில் வைத்துச் செய்யாதீர்கள், யன்னலைத் திறந்துவிடுங்கள், பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

அடுத்த வாரமே இன்னொரு பிள்ளையின் சேட் கிடைத்தது, அதே பொக்கெட், அதே வகைப் பேனை. இம்முறை தண்ணீர் படமுன் எங்கள் கைக்கு வந்துவிட்டது. இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் செய்ததை அப்படியே சொல்கிறோம்.

முதலில் ரிஷூவால் ஒற்றி, மேலே நின்ற மையை எடுத்தோம். தேய்க்கவில்லை. தேய்த்தால் பரவும். பிறகு பொக்கெட்டுக்குள் ஒரு பொலித்தீன் துண்டை மடித்து வைத்தோம். பலரும் மறப்பது இதைத்தான். பொக்கெட் கரைந்து வரும்போது அந்த மை நெஞ்சுத் துணியில் இறங்கிவிடும். முதல் தாய்க்கும் நடந்தது அதுவே. சேட்டின் உட்பக்கத் தையல் ஓரத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுப் பார்த்தோம், துணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பொலித்தீனுக்கும் பொக்கெட் துணிக்கும் நடுவில் பழைய வெள்ளைத் துணி ஒன்றை மடித்துச் செருகினோம். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, கறையின் வெளிவட்டத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றினோம். நடுவிலிருந்து வெளியே போனால் வட்டம் பெருக்கும். அடியில் வைத்த துணி நீலத்தைக் குடிக்கும். குடித்ததும் சுத்தமான மடிப்புக்கு மாற்றவேண்டும், இல்லாவிட்டால் குடித்ததைத் திருப்பித் தரும். ஏழெட்டுத் தடவை மாற்றியிருப்போம், கால் மணித்தியாலம் போனது. ஒரு கட்டத்தில் அடித்துணி வெள்ளையாகவே நின்றது. இனி வருவதற்கு ஒன்றுமில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

அதற்குப் பிறகுதான் தண்ணீர். குளிர்ந்த தண்ணீரில் அலசி, சவர்க்காரக் கட்டியைப் பூசி, பத்து நிமிடம் விட்டுக் கசக்கிக் கழுவினோம். உடனே வெயிலுக்குக் கொண்டுபோகவில்லை. ஈரத்துணியில் மங்கலான கறை தெரியாமல் ஏமாற்றும். நிழலில் உலரவிட்டு, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஓரத்தில் நூல் அளவு நீலம் நின்றது. திரும்பவும் ஸ்பிரிட், திரும்பவும் கழுவல், திரும்பவும் நிழல். முழுதாகப் போனபின்தான் கொடிக்குப் போனது.

இரண்டாம் தடவைக்குப் பிறகும் சாயல் நின்றால், வெள்ளைத் துணிக்கு மட்டும், பாமசியில் கிடைக்கும் 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டைத் தடவி அரை மணித்தியாலம் விட்டு அலசலாம். ஸ்பிரிட்டை நன்றாகக் கழுவிய பிறகு. கழுத்துப்பட்டியில், நிறத் துணியில் வேண்டாம். பிள்ளைகளின் வெள்ளைப் பர்தாவுக்கும் இதே முறைதான், ஆனால் மெல்லிய துணி, அழுத்தி ஒற்றினால் நூல் இழுபடும்.

குளோரின் பற்றிப் பலர் கேட்பீர்கள். பொலியெஸ்டர் கலந்த வெள்ளையை அது மஞ்சளாக்கிவிடும், அதற்கு மருந்து கிடையாது. அதைவிட முக்கியம், குளோரினோடு தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ சேர்க்காதீர்கள், நச்சுப் புகை வரும். ஸ்பிரிட்டோடும் சேர்க்கக்கூடாது. நீலம் போடுவது கறையை எடுக்காது, சுற்றியுள்ள துணியையும் நீலமாக்கி மறைக்கும், அவ்வளவுதான். பற்பசை, பால் எல்லாம் சொல்கிறார்கள். கால் மணித்தியாலத்தை அதில் போக்குவதற்கு ஸ்பிரிட்டை எடுத்துவிடலாம்.

முதல் சேட்டுக்கு வருவோம். அயன் பட்ட அந்த நீலத்தை ஸ்பிரிட்டால் மூன்று தடவை ஒற்றினோம். நல்லாகக் குறைந்தது, பரவிய ஓரம் முழுக்கப் போய்விட்டது. ஆனால் முதலில் கசிந்த இடம், அயன் அழுத்திய இடம், பொக்கெட்டிலும் அதன் அடியில் நெஞ்சிலும் சாம்பல் நீலமாகவே நின்றுவிட்டது. பெரொக்சைட்டுக்கும் அசையவில்லை. கடைசியில் எங்கள் ஆசிரியை ஒருவர் பழைய பொக்கெட்டைப் பிரித்தெடுத்து, தையலில் மிஞ்சிய சீருடைத் துணியில் அரை அங்குலம் பெரிதாகப் புதுப் பொக்கெட் வெட்டி, நெஞ்சுக் கறை முழுக்க மூடும்படி தைத்துக் கொடுத்தார். கிழிந்த தோளையும் அன்றே தைத்தாகிவிட்டது.

திங்கட்கிழமை அவன் வந்தான். பேனை இப்போது பொக்கெட்டில் இல்லை, புத்தகப் பையில் ஒரு பொலித்தீன் உறைக்குள். காலைக் கூட்டத்தில் சீருடை பற்றிப் பேசும் முறை வந்தபோது, ஸ்பிரிட் போத்தல் ஸ்டாஃப் ரூம் அலுமாரியில் இருக்கிறது, மை பட்டால் தண்ணீர் படமுன் கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொன்னோம். அன்றைக்கே இடைவேளையில் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.