முடிச்சில்லாத பின்புறம்

உம்மும்மாவின் வெள்ளை ஷோலில், முகத்தோடு படியும் ஓரத்தில் பச்சை இலைகள் தைத்தேன். அந்த ஓரத்தின் பின்புறம் நாள் முழுவதும் அவவின் கன்னத்தில் உரசும். அதில் சின்ன முடிச்சு இருந்தாலும் உறுத்தும். சாம்பல்தீவு வெயிலுக்கு ஷோலை அடிக்கடி கழுவ வேண்டும். அப்போது முடிச்சு அவிழ்ந்தால் தையலும் உருவிவிடும். அதனால் முடிச்சே போடவில்லை.

எம்பிராய்டரி நூலில் ஆறு இழைகள் உண்டு. அதில் ஒன்றை 80 சென்ரிமீற்றர் நீளத்துக்குப் பிரித்தெடுத்து, இரண்டாக மடித்து, இரு நுனிகளையும் ஊசியில் கோத்தேன். மறுமுனையில் ஒரு கண்ணி நின்றது. ஊசியைப் பின்னிருந்து மேலே எடுத்தேன். கண்ணியைக் கொஞ்சம் பின்னால் விட்டு, அடுத்த குத்தில் ஊசியைக் கீழே இறக்கி, கண்ணிக்குள் விட்டு மெதுவாக இழுத்தேன். நூல் பூட்டிக்கொண்டது. பலமாக இழுத்தால் துணி சுருங்கும்.

மூன்று இழையில் தைத்தால் இப்படித் தொடங்க முடியாது. அப்போது பின்னால் 10 சென்ரிமீற்றர் வால் விட்டுத் தைத்து, பிறகு அதை ஒளிக்க வேண்டும். முடிக்கும் நூலையும் அப்படித்தான் ஒளிப்பேன்: துணியில் குத்தாமல், பின்புறத் தையல்களுக்குக் கீழே நாலைந்து தையல் தூரம் ஊசியை நுழைத்து, கடைசித் தையலைச் சுற்றி, வந்த வழியே திரும்பி, ஒட்ட வெட்டுவேன். ஒரு இலையிலிருந்து தூரத்து இலைக்கு நூலை இழுத்துச் செல்வதில்லை. வெள்ளைத் துணியில் பச்சை நிழலாகத் தெரியும்.

கடைசியில் கண்ணை மூடி, பின்புறத்தில் விரலை ஓட்டிப் பார்த்தேன். எங்கே தொடங்கினேன், எங்கே முடித்தேன் என்று விரலுக்குத் தெரியவில்லை.