நீல அட்டை என்று மட்டும் எழுதியவருக்கு

நூலகத்தின் வரவுப் பதிவேட்டில் அட்டையின் நிறத்துக்கு என்று ஒரு பத்தி கிடையாது. நூலின் எண், ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை ஆகியவை பதிவாகும். முறையான நூற்பட்டியலில் புத்தகத்தின் உயரம்கூட சென்டிமீட்டரில் இருக்கும்; நிறம் இருக்காது. வாசகரின் நினைவில் முதலில் நிற்பதோ நிறம்தான்.

அந்த நினைவு பொய் அல்ல, ஆனால் நிறம் மாறக்கூடியது. அலமாரியின் முன் நின்று பார்த்தாலே இது தெரியும். வெயில் படும் பக்கம் இருக்கும் புத்தகங்களின் முதுகு நீலம் பாய்ந்திருக்கும். உருவிப் பார்த்தால் முன் அட்டை பச்சையாக இருக்கும். அச்சு மைகளில் மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுக்கும், நீலம் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். மறு பைண்டிங் போட்ட புத்தகத்துக்குப் பழைய அட்டையே இருப்பதில்லை. மறுபதிப்பில் படமும் மாறிவிடும்.

ஆகவே, நிறத்தை வைத்துத் தேடும் நூலகர் அலமாரிக்குப் போகுமுன் வாசகருக்குக் கடிதம் எழுதுவது நல்லது. மணவாளக்குறிச்சி வாசகர் ஒருவர், "நீல அட்டை போட்ட நாவல், நம்ம பக்கத்துக் குடும்பக் கதை, வேண்டும்" என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். இந்த ஒரு வரிக்குக் குறைந்தது மூன்று நாவல்கள் பொருந்தும். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் வந்தது. பக்கத்து இரணியலைக் களமாகக் கொண்ட நீல பத்மநாபனின் 'தலைமுறைகள்' 1968இலும், தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இலும் வந்தன. மூன்றும் பல பதிப்புகள் கண்டவை.

பதில் இப்படி அமையலாம்: "அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். தாங்கள் கேட்ட நாவலைத் தேடுகிறோம். அதில் பனையேறும் இளைஞனைப் பெண் விரும்புகிறாளா? கணவன் வீட்டார் திருப்பி அனுப்பிய சகோதரிக்காகத் தம்பி போராடுகிறானா? அல்லது ஊரை அடக்கி ஆளும் முதலாளி வருகிறாரா? ஏறத்தாழ எந்த வருடம் படித்தீர்கள்?"

முதல் கேள்வி 'புத்தம் வீட்டு'க்கும், இரண்டாவது 'தலைமுறைக'ளுக்கும், மூன்றாவது மீரானின் நாவலுக்கும் உரியவை. தலைப்பைச் சொல்லாமல் கதையைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பெயரைச் சொன்னால், பலர் தயக்கத்தில் 'அதுதான்' என்று ஒப்புக்கொண்டுவிடுவார்கள். கதையைக் கேட்டால் அவர்களுடைய நினைவே பதில் சொல்லும். ஆண்டு தெரிந்தால் தேடல் பாதியாகிவிடும்: 1975இல் படித்தவர் மீரானின் நாவலைப் படித்திருக்க முடியாது.

கடிதத்தில் வரக் கூடாத வரி ஒன்று உண்டு: "சரியான தலைப்புடன் வரவும்." தலைப்பு தெரியாததால்தானே அவர் நூலகரிடம் வருகிறார். எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது.

வாசகருக்கும் ஒரு வேண்டுகோள்: நிறத்தை எழுதுங்கள், அதோடு கதையில் வரும் ஒரு பெயரையோ சம்பவத்தையோ, படித்த வருடத்தையோ சேர்த்து எழுதுங்கள்.