‘கவனம் தேவை’: யாருக்கு, யாருடைய கவனம்?

பள்ளி முன்னேற்ற அறிக்கையில் மதிப்பெண்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. அவற்றின் வலப்பக்கத்தில், ஒரு விரற்கடை அகலக் கட்டத்துக்குள், வகுப்பாசிரியர் எழுதும் இரண்டு மூன்று சொற்களே சிக்கலானவை. ‘நன்று’, ‘சுமார்’, ‘முன்னேற்றம் தேவை’ போன்ற அச்சொற்களைத் தமிழ்ப் பெற்றோர் ஒரு நொடியில் புரிந்துகொள்வர். ஆசிரியரை அவர்கள் அறிவார்கள். அச்சொல்லைத் தம் பள்ளி நாளிலேயே கேட்டிருப்பார்கள். அதையே ஆங்கிலத்தில் படிக்கும் அயல்நாட்டுச் சேர்க்கை அலுவலருக்கு அந்தப் பின்புலம் எதுவும் இல்லை. தம் பள்ளிகளில் அச்சொல் எப்பொருளில் வழங்குகிறதோ அப்பொருளிலேயே அவர் படிப்பார்.

ஐதராபாதில் என்னுடன் ஆய்வு செய்த தோழர் ஒருவருக்குக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் முனைவர் பட்ட மேலாய்வுப் பணி கிடைத்தது. மகள் தமிழ்நாட்டில் ஒரு சிற்றூர்த் தமிழ்வழிப் பள்ளியில் ஏழாம் வகுப்பை முடித்திருந்தாள். சேரவிருந்த பள்ளி, கடந்த இரண்டு ஆண்டு அறிக்கைகளையும் அவற்றின் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பையும், ‘இது உண்மையானது, முழுமையானது’ என்று மொழிபெயர்ப்பாளர் கையொப்பமிட்ட உறுதிமொழியையும் கேட்டது. அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரை மட்டுமே ஏற்கும் பள்ளிகளும் உண்டு. வேலையைத் தொடங்குமுன் அதைக் கேட்டறிந்துகொள்வது நல்லது. இங்கு அந்நிபந்தனை இல்லாததால் பணி என்னிடம் வந்தது. அதில் மூன்று குறிப்புகளைப் பற்றி மட்டும் இங்கு எழுதுகிறேன்.

முதலாவது, சமூக அறிவியலுக்கு எதிரே இருந்த ‘முன்னேற்றம் தேவை’. மதிப்பெண் 68. ‘நீட்ஸ் இம்ப்ரூவ்மெண்ட்’ என்பதுதான் எவர் கைக்கும் முதலில் வரும் ஆங்கிலம். ஆனால் ஒன்டாரியோ மாகாண அறிக்கை அட்டையில், பொறுப்புணர்வு, தன்முயற்சி போன்ற கற்றல் திறன்களுக்கு நான்கு படிநிலைகள் உள்ளன: எக்ஸலண்ட், குட், சாட்டிஸ்ஃபாக்டரி, நீட்ஸ் இம்ப்ரூவ்மெண்ட். நாம் இயல்பாக எழுதும் தொடர், அங்கே கடைசிப் படியின் பெயர். நம் ஆசிரியரோ 68 வாங்கிய பிள்ளைக்கும் 78 வாங்கிய பிள்ளைக்கும் அதை எழுதுவார். இன்னும் மேலே வா என்பதே அவர் குரல். ஆகவே, ஓர் ஆசிரியரின் சொல்லை அவருடைய மற்றச் சொற்களோடு வைத்தே அளக்க வேண்டும். அந்த அறிக்கையில் 54க்கு ‘சுமார்’, 68க்கு ‘முன்னேற்றம் தேவை’, 74க்கு ‘நன்று’, 88க்கு ‘மிக நன்று’ என்று இருந்தன. இப்படி ஒரு சிறு அட்டவணை போட்டுக்கொண்டால், நம் தொடர் கடைசிப் படி அன்று, நடுப்படி என்பது ஆசிரியரின் கையெழுத்திலிருந்தே தெளிவாகும். ‘ஷுட் இம்ப்ரூவ்’ என்று எழுதினேன். ‘சுமார்’ என்பதற்கு ‘ஆவரேஜ்’ என்று எழுதாமல் ‘ஃபேர்’ என்று எழுதியதும் இவ்வகையே. ‘ஆவரேஜ்’ என்பது வகுப்புச் சராசரியோடு ஒப்பிட்டதாகத் தோற்றம் தரும். அறிக்கையில் வகுப்புச் சராசரி எங்குமே இல்லை.

இரண்டாவது, ‘கணக்கில் கவனம் தேவை’. இதில் எழுவாய் இல்லை. தமிழுக்கு அது குறையும் அன்று. ஆனால் யாருக்குக் கவனம் தேவை? பிள்ளை கவனமாக இருக்க வேண்டும் என்பது ஒரு பொருள். பிள்ளைமீது பிறர் கவனம் செலுத்த வேண்டும் என்பது இன்னொன்று. ‘நீட்ஸ் அட்டென்ஷன் இன் மேத்தமேட்டிக்ஸ்’ என்று எழுதினால் ஆங்கிலம் இரண்டாவது பொருளின் பக்கமே சாயும்: இப்பிள்ளைக்குத் தனி உதவி வேண்டும் என்று ஆகிவிடும். எப்பொருள் சரி என்பதை ஊகித்து முடிவுசெய்யக் கூடாது. அறிக்கைக்குள்ளேயே தேட வேண்டும். அடுத்த பருவத்தில் அதே ஆசிரியர், அதே பாடத்துக்கு எதிரே, ‘கவனக்குறைவால் மதிப்பெண் இழப்பு’ என்று எழுதியிருந்தார். ஐயம் நீங்கியது. ‘ஷுட் டேக் கேர் இன் மேத்தமேட்டிக்ஸ்’ என்பதே அதன் மொழிபெயர்ப்பு. அத்தகைய சான்று கிடைக்காதபோது, இருபொருள் உண்டு என்பதைச் சதுர அடைப்புக்குறிக்குள் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகச் சொல்லிவிடுவதே நேர்மை.

மூன்றாவதுதான் தோழரின் தூக்கத்தைக் கெடுத்தது. ஆறாம் வகுப்பு இரண்டாம் பருவத்தில், ஆங்கிலப் பாடத்துக்கு எதிரே, ‘மெல்லக் கற்போர் பட்டியலில் உள்ளார். மாலை வகுப்புக்கு அனுப்பவும்’ என்றிருந்தது. “இந்த ஒரு வரியை விட்டுவிடக் கூடாதா?” என்று கேட்டார். தந்தையின் அச்சம் பொருளற்றது அன்று. ‘ஸ்லோ லேர்னர்’ என்பதே அத்தொடருக்கு நம் கல்வித்துறையில் வழங்கும் ஆங்கில இணை. ஆனால் நம் பள்ளியில் அது பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் போடும் பட்டியல். கூடுதல் பயிற்சிக்காகப் போடுவது. அடுத்த தேர்வில் பெயர் நீங்கியும் விடும். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு அறிவுத்திறன் அளவீட்டோடு சேர்ந்த நெடிய வரலாறு உண்டு. படிப்பவர் அதை உளவியல் மதிப்பீட்டின் முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடும்.

வரியை விட முடியாது என்று சொன்னேன். ‘முழுமையானது’ என்று கையொப்பமிடுபவன் ஒரு வரியை விட்டால், மீதமுள்ள வரிகளுக்கும் மதிப்பிருக்காது. ‘விரைவில் முன்னேறுவார்’ என்பதுபோல இல்லாத ஒன்றைச் சேர்க்கவும் முடியாது. வினையை வினையாகவே வைத்து, ‘ஆங்கிலத்தில் மெல்லக் கற்கும் மாணவர் பட்டியலில் பெயர் உள்ளது’ என்ற செய்தியை அப்படியே ஆங்கிலத்தில் தந்தேன்; பெயர்ச்சொல் முத்திரையாக்கவில்லை. ‘அனுப்பவும்’ என்பது பெற்றோரை நோக்கிய வேண்டுகோள் என்பதால், ‘பேரண்ட்ஸ் ஆர் ரிக்வெஸ்டட்’ என்று தொடங்கினேன்.

அந்தப் பட்டியல் எப்படிப் போடப்பட்டது என்பதை விளக்குவது என் வேலை அன்று; அதற்குரியவர் ஆசிரியர். தோழர் ஊருக்குப் பேசி, வகுப்பாசிரியரிடம் தலைமையாசிரியரின் மேலொப்பத்தோடு அரைப்பக்கக் கடிதம் ஒன்று வாங்கினார். பருவத் தேர்வில் பாதிக்குக் குறைவான மதிப்பெண் பெற்றோர் அப்பட்டியலில் சேர்க்கப்படுவர் என்றும், இம்மாணவி ஏழாம் வகுப்பின் முதல் பருவத்திலேயே அதிலிருந்து நீங்கினாள் என்றும் அதில் இருந்தது. அதைத் தனி ஆவணமாக மொழிபெயர்த்து இணைத்தோம். மொழிபெயர்ப்பில் செருகியிருந்தால் பொய்யாகியிருக்கக்கூடிய செய்தி, உரியவர் கையொப்பத்தோடு வந்தபோது சான்றாயிற்று.

அனுப்புமுன் ஒரு சோதனை செய்தேன். மூலத்தைப் பார்த்திராத தமிழாசிரியர் ஒருவரிடம் என் ஆங்கிலத்தை மட்டும் கொடுத்து, நீங்களாக இருந்தால் இதைத் தமிழில் எப்படி எழுதியிருப்பீர்கள் என்று கேட்டேன். இரண்டு குறிப்புகள் மூலத்தோடு சொல்லுக்குச் சொல் பொருந்தின. ‘ஷுட் இம்ப்ரூவ்’ என்பதற்கு அவர் ‘இன்னும் முயல வேண்டும்’ என்று எழுதினார். சொல் வேறு, கடுமை ஒன்றே. இத்தகைய ஆவணத்தில் நான் ஒத்துப்பார்ப்பது அந்தக் கடுமையின் அளவைத்தான். மூலத்தைவிடக் கூடினால் பிள்ளைக்குத் தீங்கு. குறைந்தால், அவளுக்கு எங்கே உதவி வேண்டும் என்பதைப் புதிய ஆசிரியர் அறியாமல் போவார். அதுவும் தீங்கே.