நூலில் வந்த மோதிரம்

கோவை செல்வபுரத்து நகைப் பட்டறை ஒன்றில், பற்றவைக்கும் வேலையைப் பார்க்க உட்கார்ந்திருந்தேன். ஓர் அம்மா மகனோடு வந்து கையை நீட்டினார். முந்தின நாள் புறங்கையில் குளவி கொட்டியிருக்கிறது. மோதிரத்துக்கு இருபுறமும் சதை பிதுங்கி நின்றது.

"அறுத்துருங்கண்ணா" என்றார்.

"இருங்கம்மிணி, பாத்துக்கலாம்" என்ற ஆசாரி, முதலில் அந்த விரலின் நகத்தை அழுத்தி விட்டார். வெளுத்த நகம் இரண்டு எண்ணுவதற்குள் சிவந்தது. நுனியைத் தொட்டு, "உணர்ச்சி இருக்குதா?" என்று கேட்டார். நுனி நீலம் பாரித்திருந்தாலோ மரத்திருந்தாலோ அவர் நூலை எடுப்பதில்லை, உடனே அறுப்பதுதான். விரலில் வெட்டுக்காயமோ எலும்பு முறிவுச் சந்தேகமோ இருந்தாலும் நூல் கூடாது, ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்.

பத்து நிமிடம் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். இடையிடையே குளிர்ந்த நீரில் முக்கினார். பிறகு நாலு முழம் பட்டு நூல். பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலும் இதற்கு ஆகும்; வழுவழுப்பாகவும் அறாமலும் இருந்தால் போதும். நூலின் ஒரு முனையை வளைத்த மெல்லிய கம்பியால் மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, உள்ளங்கைப் பக்கம் ஒரு சாண் வெளியே விட்டார். மீதியை மோதிரத்தை ஒட்டினாற்போல் தொடங்கி, விரல்நுனி நோக்கி, சுற்றுக்குச் சுற்று இடைவெளி தெரியாமல் இறுக்கிச் சுற்றினார். நடு மூட்டைத் தாண்டிய பிறகே நிறுத்தினார். தடை வீக்கம் மட்டுமல்ல, அந்த மூட்டும்தான். அதை விட்டுவிட்டால் மோதிரம் அங்கே வந்து நின்றுவிடும். சுற்றுக்கு நடுவே இடைவெளி விழுந்தாலும் சதை அதில் பிதுங்கி மோதிரத்தை மறித்துக்கொள்ளும். ஒருமுறை அப்படித்தான் ஆயிற்று. அவர் முகம் மாறவில்லை. முழுவதும் பிரித்து, மறுபடி முதலிலிருந்து சுற்றினார்.

நூல் செய்வது வீக்கத்தின் நீரை மோதிரத்தின் வழியிலிருந்து ஒதுக்கித் தள்ளுவது. ஆனால் ரத்தமும் அதே இறுக்கத்தில் நிற்கிறது. அதனால் சுற்றி முடித்ததும் தாமதிக்க முடியாது.

மேலே எண்ணெய் தடவினார். உள்ளங்கைப் பக்கம் விட்டிருந்த முனையைப் பிடித்து, சுற்றிய திசையிலேயே வட்டமாக, விரல்நுனிப் பக்கம் இழுத்தார். அடிச்சுற்று ஒவ்வொன்றாக அவிழ அவிழ, மோதிரம் அடுத்த சுற்றின்மேல் ஏறியது. மூட்டில் கொஞ்சம் நின்றது. அம்மா பல்லைக் கடித்தார். மோதிரத்தை இடவலமாகச் சற்றே அசைத்ததும் தாண்டி வந்துவிட்டது.

விரலில் திருகாணி மரை போல் நூல் தடம் பதிந்திருந்தது. ஆசாரி மோதிரத்தைப் பார்க்கவில்லை. மறுபடி நகத்தை அழுத்திவிட்டுச் சிவப்பு திரும்பும்வரை காத்திருந்தார்.

"வீக்கம் நல்லா வத்தற வரைக்கும் போட்டுக்காதீங்கம்மிணி" என்றார். அந்த அம்மா மோதிரத்தைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டார்.